மழை வந்ததும் போர் மோட்டார் ட்ரிப் ஆவது ஏன்?

கோடை முழுக்கத் தொல்லையே தராமல் ஓடிய போர் மோட்டார், ஐப்பசி மழைக்குப் பிறகு சுவிட்ச் போட்டவுடனே இ.எல்.சி.பி.யைத் தள்ளிவிடுகிறது. மோட்டார் எரிந்துவிட்டது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் மோட்டார் கோடையிலும் தண்ணீருக்குள்தானே கிடந்தது? பழுது அதில் இருந்தால் அப்போதே ட்ரிப் ஆகியிருக்க வேண்டும். புதிதாக நனைந்தது எது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மோட்டார் 240 அடியில் இருக்கிறது. கோடையில் நீர்மட்டம் 180 அடி, மழைக்குப் பின் 90 அடி. கேபிள் நீளம் போதாமல் 120 அடியில் ஒரு ஜாயிண்ட் போட்டு, சாதாரண பி.வி.சி. டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள். கோடையில் அது காற்றில் தொங்கியது; இப்போது 30 அடி நீருக்கு அடியில் இருக்கிறது. டேப்பின் பசை ஊறி, மடிப்புக்குள் நீர் புகுந்து, செம்புக் கம்பியிலிருந்து மண்ணுக்கு மின்சாரம் கசிகிறது. வீட்டு இ.எல்.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் விழுந்துவிடும். 230 வோல்ட்டில் அந்த அளவு கசிய, தடை சுமார் 7,700 ஓமுக்கு இறங்கினாலே போதும்.

முதலில் மெயினை அணைத்து, பேனலில் மோட்டார் கேபிளைக் கழற்றுங்கள். பிறகு மெயினையும் மோட்டார் சுவிட்சையும் போட்டும் ட்ரிப் ஆனால் கோளாறு போருக்குள் இல்லை. மழை ஈரம் பேனலிலோ வயரிங்கிலோ இறங்கியிருக்கலாம். ட்ரிப் நின்றுவிட்டால், கழற்றிய கேபிளுக்கும் எர்த்துக்கும் இடையே எலக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இன்சுலேஷன் போய்விட்டது. நீர்மட்டம் ஏறியிருக்கும்போதே பார்க்க வேண்டும். வற்றிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும்.

அடுத்து மோட்டாரை மேலே எடுக்க வேண்டும். 20 அடி ஜி.ஐ. பைப் என்றால், 120 அடி ஜாயிண்ட் ஆறாவது பைப்போடு வெளியே வரும். டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சையாகவோ கருப்பாகவோ மாறியிருக்கும். அங்கே ஒன்றும் தெரியாவிட்டால், கேசிங்கில் உரசிக் கேபிள் தோல் கிழிந்திருக்கிறதா என்று நீர் ஏறிய பகுதி முழுவதும் கையால் தடவிப் பாருங்கள்.

பழைய ஜாயிண்டின் மேலேயே டேப் சுற்றுவது வீண். நனைந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று கம்பிகளின் இணைப்புகளும் ஒரே இடத்தில் வராதபடி முன்பின்னாக வைத்து, குழல் போட்டு நசுக்கி இணைக்க வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல்தான் பி.வி.சி. டேப். இறக்குவதற்கு முன் ஜாயிண்டைச் சில மணி நேரம் வாளித் தண்ணீரில் போட்டு, மெக்கர் வைத்துப் பாருங்கள். ஜாயிண்டே இல்லாத முழு நீளக் கேபிள் கிடைத்தால் அதுவே மேல்.

தண்ணீர் அவசரத்துக்காக இ.எல்.சி.பி.யைத் தாண்டி நேரடி இணைப்பு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எர்த் சரியில்லாத வீட்டில் அந்தக் கசிவு, நனைந்த கையோடு இரும்புப் பைப்பைத் தொடுகிறவர் உடம்பு வழியாகவும் மண்ணுக்கு இறங்கலாம்.