ரிகர்வா, காம்பவுண்டா? முதல் வில்லை முடிவு செய்வது எப்படி

விஜயவாடாவுக்கு இரண்டு வில்லாளர்களால் பெருமை. வெண்ணம் ஜோதி சுரேகா 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். அதே போட்டியில் ஆடவர் அணியில் வெள்ளி வென்ற தீரஜ் பொம்மதேவரா, அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலத்துக்கான ஆட்டம் வரை போனார். மூன்று தங்கம் வாங்கிய ஜோதிக்குப் பாரிஸில் இடமே இல்லை. காரணம், அவர் கையில் இருந்த வில். அவருடையது காம்பவுண்ட், ஒலிம்பிக்கில் அதுவரை இருந்தது ரிகர்வ் மட்டுமே. 2028 லாஸ் ஏஞ்சலிஸில்தான் காம்பவுண்டுக்கு முதல் கதவு திறக்கிறது, அதுவும் கலப்பு அணிப் பிரிவில் மட்டும்.

கிளப்பில் சேர வரும் புதியவரிடம் பயிற்சியாளர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று "ரிகர்வா, காம்பவுண்டா?" என்பது. பலரும் ஒலிம்பிக்கை நினைத்தோ, யூடியூபில் பார்த்த வில்லின் கம்பீரத்தை நினைத்தோ பதில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் இது தோளும் கை நீளமும் சொல்ல வேண்டிய பதில்.

ரிகர்வ் என்பது முனைகள் வெளிப்பக்கமாகத் திரும்பி வளைந்த வில். நடுவில் கைப்பிடி உள்ள ரைசர், மேலும் கீழும் மாட்டும் இரண்டு லிம்ப், ஒரு நாண், அடிப்படையில் அவ்வளவுதான். நாணை இழுக்க இழுக்கக் கனம் ஏறிக்கொண்டே போகும். முழுதாக இழுத்துத் தாடையில் கையைப் பதித்துக் குறி பார்க்கும் நேரத்தில்தான் அது உச்சத்தில் இருக்கும். நாணைப் பிடிப்பதும் விடுவதும் மூன்று விரல்கள். விரல் தோலைக் காக்க ஒரு டேப், நாண் உரசாமல் முன்கைக்கு ஒரு கார்டு.

காம்பவுண்ட் 1960-களின் நடுவில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஹாலஸ் ஆலன் என்பவர் உருவாக்கியது. வில் முனைகளில் கேம் எனப்படும் சக்கரங்களைப் பொருத்திக் கேபிள்களால் இணைத்தார். கிணற்று ராட்டினம் போலத் தெரிந்தாலும், இந்தச் சக்கரங்களின் அச்சு நடுவில் இருக்காது. அதனால் இழுவையின் தொடக்கத்திலேயே கனம் உச்சிக்குப் போய், முடிவுக்கு வரும்போது சட்டென்று குறைந்துவிடும். இந்தக் குறைவுக்கு லெட்-ஆஃப் என்று பெயர். 40 பவுண்டு வில்லில் லெட்-ஆஃப் 75 சதவீதம் என்றால், முழுதாக இழுத்தபின் கை தாங்குவது 10 பவுண்டுதான்.

புதியவர் ஏமாறும் இடமும் இதுதான். 40 பவுண்டு காம்பவுண்டைப் பிடித்து நிற்க 10 பவுண்டு போதும். 24 பவுண்டு ரிகர்வைப் பிடிக்க 24 பவுண்டும் வேண்டும். அப்படியானால் காம்பவுண்ட் சுலபம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்துக்குப் போய்ச் சேர, ஒவ்வொரு முறையும் நாற்பதைத் தாண்டியாக வேண்டும். போட்டியின் தகுதிச் சுற்றில் மட்டும் 72 அம்புகள். தோள் பழகாதவர் அந்த உச்சியைத் தாண்ட வில்லை வானத்தை நோக்கித் தூக்கி, முதுகை வளைத்து, ஒரு வெட்டு வெட்டி இழுப்பார். அப்படி இழுத்தால் வில் கனம் அதிகம் என்று அர்த்தம். ரிகர்வில் இதே கோளாறு வேறு மாதிரி தெரியும்: தோள் காது வரை ஏறும், வில்முனை நடுங்கும், குறி நிலைப்பதற்குள் விரல்கள் நாணை விட்டுவிடும். வயது வந்த புதியவருக்கு ரிகர்வில் 16 முதல் 24 பவுண்டு வரை போதும் என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான்.

அடுத்தது நீளம். என் கணக்கில், கனத்தைவிட இதுதான் முக்கியம்.

ரிகர்வுக்கு முடிவிடம் கிடையாது. யார் எவ்வளவு இழுக்கிறார்களோ அவ்வளவு. ஒரே கிளப் வில்லைக் காலையில் பள்ளிச் சிறுமியும் மாலையில் அவள் அப்பாவும் பயன்படுத்தலாம். காம்பவுண்ட் அப்படியல்ல. கேம் அனுமதிக்கும் நீளத்துக்கு மேல் நாண் நகராது. சுவரில் முட்டியது போல நின்றுவிடும். அந்த நீளம் உங்கள் உடம்புக்குப் பொருந்தியிருக்க வேண்டும். அரை அங்குலம் தவறினாலும் அம்பு விழும் இடத்தில் தெரியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நுனிவரை அளந்தால் 170 சென்டிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 67 அங்குலம். அதை 2.5-ஆல் வகுத்தால் 27 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அதுதான் அவருடைய டிரா லென்த், முதல் மதிப்பீடாக. நண்பரின் 29 அங்குல காம்பவுண்டை இவர் வாங்கினால், தலை பின்னால் சாயும், வில்பிடித்த கையின் முழங்கை பூட்டிக்கொள்ளும், நாண் முன்கையில் அறையும். ரிகர்வில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் லிம்பில் அச்சிட்ட கனம் 28 அங்குலத்துக்கானது. ஒரு அங்குலம் குறைந்தால் சுமார் 2 பவுண்டு குறையும். 24 என்று எழுதிய லிம்ப் இவர் கையில் 22-தான்.

துல்லியத்தில் காம்பவுண்ட் முந்தும். நாணில் பொருத்திய பீப் என்ற சிறு துளை வழியாகப் பார்க்கிறார்கள், முன்னால் உருப்பெருக்கும் கண்ணாடி, நாணை விட விரலுக்குப் பதில் ரிலீஸ் என்ற கருவி. அதற்கேற்ப எதிர்பார்ப்பும் கூடுதல். ரிகர்வுக்கு 70 மீட்டரில் உள்ள பலகையின் பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்டிமீட்டர், காம்பவுண்டுக்கு 50 மீட்டரில் 8 சென்டிமீட்டர். ரிகர்வில் ஒரு செட் போனால் அடுத்த செட்டில் மீளலாம். காம்பவுண்டில் 15 அம்புகளின் மொத்தக் கூட்டல்தான்; ஒரு ஏழு விழுந்தால் கடைசி வரை கூடவே வரும்.

ஆகவே, முதல் சில மாதங்களுக்குக் கிளப்பின் ரிகர்வையே கையில் எடுப்பது நல்லது. எதையும் வாங்க வேண்டாம். தோள் பலப்பட்டால், ரைசரை அப்படியே வைத்துக்கொண்டு லிம்பை மட்டும் கனம் கூடியதாக மாற்றினால் போதும். காம்பவுண்டில்தான் மனம் என்றால் அதிலேயே தொடங்குவதிலும் தவறில்லை. ஆனால் டிரா லென்த்தை ஒரு சாவியால் மாற்ற முடிகிற மாடலாக, பயிற்சியாளர் முன்னிலையில் அளந்து வாங்க வேண்டும். நாண் மாற்றுவதற்கே பெரும்பாலான காம்பவுண்டுகளுக்கு வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் தேவை. அது கிளப்பில் இருக்கிறதா என்று சேரும் முன்னே கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, வேடிக்கை பார்க்க வரும் மாமாவும் மச்சானும் காம்பவுண்டை விரலால் இழுத்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். விடக் கூடாது. நாண் கோணலானால் கேமிலிருந்து கழன்றுவிடும். அம்பில்லாமல் விட்டாலோ, அம்பு கொண்டுபோக வேண்டிய ஆற்றல் முழுதும் வில்லிலேயே அடித்து லிம்பைப் பிளந்துவிடலாம். ரிகர்வும் இதற்கு விலக்கல்ல.

பழைய வில் வாங்குகிறவர்கள் லிம்பின் ஓரமாகக் கொஞ்சம் பஞ்சை வைத்து மெல்ல இழுத்துப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் பஞ்சு சிக்கும். சிக்கினால் அந்த வில்லை எந்த விலைக்கும் வாங்குவதில்லை.