சூடு ஆறுவதற்குள் முடிய வேண்டிய வேலை

தார்ச்சாலையின் மேல்தளத்தை எடை போட்டுப் பார்த்தால் அதில் ஏறத்தாழ 95 சதவீதம் ஜல்லியும் கல்தூளும்தான். மீதி 5 சதவீதத்தை ஒட்டியதுதான் தார், அதாவது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் பிட்டுமின். இந்தச் சிறிய பங்குதான் ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய படலமாகப் படர்ந்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து வைக்கிறது. அப்படிப் படர வேண்டுமானால் தார் நீர்த்து ஓட வேண்டும். பிடித்து வைக்க வேண்டுமானால் இறுகி நிற்க வேண்டும். இந்த இரண்டு நிலைக்கும் இடையே உள்ள வேறுபாடு வெப்பம் ஒன்றுதான். ஆறும் வெல்லப்பாகைப் போல, சூடு இறங்க இறங்கத் தார் கெட்டிப்படும். இந்தியச் சாலைகளில் பரவலாகப் பயன்படும் விஜி-30 ரகத் தார், கலவை இயந்திரத்தில் இருக்கும்போது இருப்பதைவிட 60 டிகிரி செல்சியஸில் ஆயிரம் மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும்.

எனவே சூடான தார்க்கலவையால் சாலை போடும் வேலை முழுவதும் வெப்பநிலைக் கணக்கில்தான் நடக்கிறது. எந்தச் சூட்டில் கலப்பது, எந்தச் சூட்டில் விரிப்பது, எந்தச் சூட்டுக்குள் ரோலர் வேலையை முடிப்பது என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கட்டுமான விதிமுறை மூன்றுக்கும் அளவு சொல்கிறது.

கலக்கும் சூடு

விஜி-30 தாருக்கு, ஹாட் மிக்ஸ் பிளான்டிலிருந்து வெளிவரும் கலவை 150 முதல் 165 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தாரைத் தனியாகவும் ஜல்லியைத் தனியாகவும் சூடாக்கிய பிறகே கலக்கிறார்கள். இரண்டின் சூட்டுக்கும் இடையே 14 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. கலவையின் பெரும்பகுதி ஜல்லி என்பதால், ஜல்லி ஆறியிருந்தால் தாரை எவ்வளவு சூடாக்கியும் பயனில்லை. கல்லைத் தொட்ட உடனே தார் கெட்டிப்பட்டு, பாதிக் கல் பூச்சில்லாமல் நிற்கும்.

சூடு குறைந்தால் கெடுதல் என்பது எளிதில் புரியும். கூடினாலும் கெடுதல்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கல்லின் மேல் படரும் தார்ப்படலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். அவ்வளவு மெல்லிய படலம் அதிகச் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சில நிமிடங்களிலேயே முதுமை அடைந்துவிடும். பிறகு அது ஒட்டும் தன்மை குறைந்து நொறுங்கும் பொருளாகிவிடும். லாரியிலிருந்து நீலநிறப் புகை கிளம்பினால் கலவை வெந்துபோயிருக்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆகவே, குளிர் நாளில் இழக்கப்போகும் வெப்பத்தை ஈடுகட்ட, பிளான்டிலேயே அளவுக்கு மீறிச் சூடேற்றிக்கொள்ளலாம் என்ற வழி அடைபட்டிருக்கிறது.

லாரியிலிருந்து ரோலர் வரை

கலவையைத் தார்ப்பாய் போர்த்திய டிப்பர் லாரியில் கொண்டுவருகிறார்கள். பேவர் இயந்திரம் விரிக்கும் நேரத்தில் அது 140 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். லாரி ஓடும்போது குவியலின் வெளிப்புறம் ஆறி ஓடு போல இறுகும். உள்ளே சூடு குறையாது. அதனால் மேலே கைவைத்தாற்போல் அளப்பது ஏமாற்றும். தெர்மாமீட்டரின் கம்பியைக் குவியலுக்குள் ஆழமாகச் செருகியே அளக்க வேண்டும்.

ஆறிய ஓடும் அதன் விளைவை விட்டுச் செல்கிறது. ஒரு லாரிச் சரக்கு தீரும் நேரத்தில் ஓரங்களில் இறுகிய கட்டிகள் மொத்தமாகப் பேவருக்குள் விழும். அந்த இடத்தில் தளம் சொரசொரப்பாக அமையும். 16 டன் ஏற்றிய லாரி, 3.5 மீட்டர் அகலத்தில் 40 மில்லிமீட்டர் தளம் போட்டால் ஏறத்தாழ 50 மீட்டர் தூரத்துக்கு வரும். புதுச்சாலையில் ஏறக்குறைய 50 மீட்டருக்கு ஒருமுறை ஒரே மாதிரியான சொரசொரப்புத் திட்டு தென்பட்டால், அது ஆறிய கட்டிகளின் அடையாளமாக இருக்கலாம்.

விரித்த கலவை உடனே சாலையாகிவிடுவதில்லை. அதற்குள் இன்னும் நிறையக் காற்று இருக்கிறது. முதலில் 8 முதல் 10 டன் எடையுள்ள இரும்பு ரோலரும், அடுத்து டயர் ரோலரும், கடைசியில் இலேசான இரும்பு ரோலரும் ஓடி அந்தக் காற்றை வெளியேற்றுகின்றன. விஜி-30 தாருக்கு இந்த வேலை 90 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே நடக்க வேண்டும். அந்தச் சூட்டில் தார் கற்களுக்கு இடையே வழவழப்பைத் தருகிறது; கற்கள் நகர்ந்து ஒன்றின் இடுக்கில் ஒன்று உட்காருகின்றன. 90 டிகிரிக்குக் கீழே தார் கற்களை நகரவிடாது. அப்போது எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் கல் உடையுமே தவிர, தளம் இறுகாது.

எவ்வளவு இறுக வேண்டும் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. முடிந்த தளத்தில் காற்றிடம் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதைத் தாண்டினால் தனித்தனியாக இருக்க வேண்டிய காற்றுக் குழிகள் ஒன்றோடொன்று இணைந்து வழிகளாகிவிடும். அந்த வழிகளில் மழைநீர் மேலிருந்து அடிவரை இறங்கும். குளிரும் மழையும் சாலையைக் கெடுப்பதற்கு இதுவே முதல் காரணம்: தளம் இறுகுமுன் சூடு போய்விடுகிறது.

குளிர் நாளில் குறையும் நேரம்

140 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு இறங்கும் வரை உள்ள நேரம்தான் ரோலருக்குக் கிடைக்கும் அவகாசம். 40 மில்லிமீட்டர் தளத்துக்கு அது மிதமான வானிலையில் கால் மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். விரித்த தளம் மேலே காற்றுக்கும் கீழே பழைய சாலைக்கும் ஒரே நேரத்தில் வெப்பத்தை இழக்கிறது. சித்திரை வெயிலில் பழைய சாலையே 55 டிகிரி வரை காய்ந்திருக்கும். மார்கழி, தை மாதங்களில் உதகையின் விடியற்காலையில் அது 10 டிகிரிக்கும் கீழே இருக்கும். சுற்றுப்புறத்துக்கும் பொருளுக்கும் இடையே வெப்ப வித்தியாசம் கூடக்கூட ஆறும் வேகமும் கூடும். இந்த எளிய கணக்கின்படியே, கோடையில் கிடைக்கும் நேரத்தில் ஏறத்தாழ பாதிதான் அந்தக் குளிரில் கிடைக்கும். காற்று பலமாக வீசினால் அதுவும் சுருங்கும்.

தளத்தின் கனமும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. கனமான தளம் தன் உட்பகுதியில் வெப்பத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும். கனத்தை இரட்டிப்பாக்கினால் ஆறும் நேரம் இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடும். எனவே 75 மில்லிமீட்டர் கனமுள்ள அடித்தளம் தாங்கிக்கொள்ளும் குளிரை, 25 மில்லிமீட்டர் மேல்தளம் தாங்காது. வாகனங்களின் தேய்மானத்தை நேரடியாகச் சந்திக்கும் அடுக்குதான் குளிருக்கு முதலில் பலியாகிறது.

ஒரு மில்லிமீட்டர் மழை

மழை செய்யும் கேட்டைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 40 மில்லிமீட்டர் தளம் சுமார் 94 கிலோ எடை இருக்கும். அது ஒரு டிகிரி ஆறும்போது சுமார் 86 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. அந்தப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது ஒரு கிலோ தண்ணீர். அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கச் சுமார் 2,550 கிலோஜூல் தேவை. அந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியானால் தளத்தின் சூடு ஏறத்தாழ 30 டிகிரி இறங்கிவிடும். ரோலருக்குக் கிடைத்த 50 டிகிரி இடைவெளியில் பாதிக்கு மேல், ஒரு சிறு தூறலில் போய்விடுகிறது. 25 மில்லிமீட்டர் தளமாக இருந்தால் இழப்பு 47 டிகிரி. அதாவது கிட்டத்தட்ட முழு அவகாசமும் முடிந்துவிடும்.

மழைக்காலத்தின் பாதிப்பு பிளான்டிலேயே தொடங்குகிறது. குவித்து வைத்த ஜல்லியும் தூளும் நனைந்து 5 சதவீதம் ஈரம் ஏறினால், கல்லைச் சூடாக்கச் செலவாகும் வெப்பத்தைவிட அந்த ஈரத்தை ஆவியாக்க அதிக வெப்பம் வேண்டும். அவசரப்பட்டு முழுதும் காயாத ஜல்லியைக் கலந்தால், கல்லுக்குள் மிஞ்சிய ஈரம் பிறகு ஆவியாகி வெளிவரும். அத்தகைய கலவை லாரியில் கூம்பாக நிற்காமல் தட்டையாகச் சரிந்து, ஆவி விட்டுக்கொண்டு பளபளக்கும். மாறாக, ஆறிப்போன கலவை விறைத்துக் கட்டி கட்டியாக நிற்கும்.

பழைய சாலை ஈரமாக இருப்பது இன்னொரு கேடு. புதுத்தளம் பழையதோடு ஒட்டுவதற்காக முதலில் தார் எமல்ஷனைத் தெளிக்கிறார்கள். தெளித்தவுடன் அது பழுப்பாக இருக்கும். அதிலுள்ள தண்ணீர் பிரிந்து வெளியேறியதும் கறுப்பாகும். கறுத்த பிறகே மேலே கலவை போட வேண்டும். ஈரத்தின் மேல் 140 டிகிரிக் கலவை விழுந்தால் அடியில் ஆவி கிளம்பி, இரண்டு அடுக்குக்கும் நடுவே பிரிவை உண்டாக்கும். பின்னாளில் பேருந்துகள் பிரேக் போடும் இடங்களில் மேல்தளம் வழுக்கி, பிறைவடிவ விரிசல் விடுவது இப்படிப்பட்ட ஒட்டாத இடங்களில்தான்.

மேலும், கருங்கல் வகைகள் பலவற்றின் பரப்பு தாரைவிடத் தண்ணீரையே அதிகம் விரும்பும். இறுகாத தளத்துக்குள் தேங்கும் நீர், சக்கரங்களின் அழுத்தத்தில் தாருக்கும் கல்லுக்கும் நடுவே நுழைந்து படலத்தை உரித்துவிடும். மழைக்குப் பின் தோன்றும் பள்ளத்தில் வெளுத்த, தார் ஒட்டாத கற்கள் கிடந்தால் இந்த உரிதல் நடந்திருக்கிறது என்று அறியலாம். கலவையில் 2 சதவீதம் அளவுக்கு நீறிய சுண்ணாம்பு சேர்ப்பது இதை ஓரளவு தடுக்கும்.

எப்போது நிறுத்த வேண்டும்

இந்தக் காரணங்களால்தான் விதிமுறை சில நேரங்களில் வேலையை நிறுத்தச் சொல்கிறது. தளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தாலோ ஈரமிருந்தாலோ போடக்கூடாது. மழை, மூடுபனி, புழுதிக்காற்று இருக்கும்போதும், மழை வரும் தறுவாயிலும் கூடாது. போடும் இடத்தில் காற்றின் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போனாலும், காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலும் நிறுத்த வேண்டும். ரப்பர், பாலிமர் சேர்த்த தார் இன்னும் கெட்டியானது என்பதால் அதற்கு எல்லை 15 டிகிரி.

விதியை மீறிப் போட்ட சாலையும் முதல் நாளில் கறுப்பாகவே தெரியும். ஒரு மழை பெய்து ஓய்ந்த பிறகு பார்த்தால் வித்தியாசம் புலப்படும். நன்கு இறுகிய பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். இறுகாத திட்டுகள் உள்ளே நீரைத் தேக்கி, நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். சில மாதங்களில் அங்கேதான் ஜல்லி பெயர்ந்து சாலையோரம் சேரும். உறுதியாக அறிய, தளத்தை வட்டமாக வெட்டியெடுத்து அடர்த்தியை அளக்கிறார்கள்.

தள்ளிப்போட முடியாத வேலைகளுக்கு மாற்று உண்டு. சிறப்புச் சேர்க்கைப் பொருள் கலந்த வெதுவெதுப்புக் கலவையை வழக்கத்தைவிட 30 டிகிரி வரை குறைந்த சூட்டில் இறுக்கலாம். அதையே வழக்கமான சூட்டில் தயாரித்தால், அந்தக் குறைவு முழுவதும் குளிரில் ரோலருக்கு மிச்ச நேரமாகக் கிடைக்கும். மழைக்காலப் பள்ளங்களுக்கு எமல்ஷனால் செய்த குளிர்க்கலவை பயன்படும். அதைச் சூடாக்க வேண்டியதில்லை; ஆனால் பெருஞ்சாலையின் முழு மேல்தளத்துக்கு அதன் வலு போதாது. வடகிழக்குப் பருவமழையின்போது பள்ளங்களைக் குளிர்க்கலவையால் அடைத்துவிட்டு, தளம் காய்ந்து வெயில் ஏறும் மாதங்களில் சூடான கலவையால் முழுத்தளம் போடுவதே பொருத்தமான முறை.