அப்பாவை இழந்த நண்பர்கிட்ட அதைப் பத்திப் பேசலாமா, பேச்சை மாத்தணுமா?

கொங்கு கிராமங்கள்ல இழவு வீட்டைக் கவனிச்சிருக்கீங்களா? கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வெச்ச பாட்டிங்க, அடுத்த நிமிஷமே கண்ணைத் துடைச்சுட்டு, "உங்க ஊர்ல மழை பெஞ்சுதா?"னு கேப்பாங்க. கொஞ்ச நேரத்துல மறுபடியும் அழுவாங்க. இது நடிப்பு இல்லை. துக்கம் இப்படித்தான் வேலை செய்யும்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற உளவியலாளர்கள் 1999-ல் இதைத்தான் ஒரு கோட்பாடாகவே எழுதினாங்க. துக்கத்தில் இருக்கிறவர் இழப்பை நினைப்பதற்கும், அன்றாட வாழ்க்கையைப் பார்ப்பதற்கும் இடையே ஊஞ்சல் மாதிரி போய் வருவார். ரெண்டுமே அவருக்குத் தேவை. அதனால, 'இவர் பேச விரும்புற ஆள்', 'இவர் விரும்பாத ஆள்'னு முத்திரை குத்த முடியாது. இந்த நிமிஷம் ஊஞ்சல் எந்தப் பக்கம் இருக்குனுதான் பார்க்கணும்.

எப்படிப் பார்க்கிறது? ரெண்டு பக்கமும் வழி இருக்கிற கேள்வியா கேளுங்க. உதாரணத்துக்கு, உங்க நண்பருக்குப் பொள்ளாச்சி பக்கம் சொந்த ஊர். தென்னந்தோப்பு வெச்சிருந்த அப்பா இறந்து, காரியம் முடிச்சுட்டு சரவணம்பட்டி ஆபீஸுக்குத் திரும்பியிருக்கார். 'எப்படி இருக்கே?'னு கேட்டா, 'பரவால்ல'தான் பதிலா வரும். அதுக்குப் பதிலா டீக்கடைக்குக் கூட்டிப் போய், "தோப்பை இப்போ யார்டா பாத்துக்கறாங்க?"னு கேளுங்க. கேட்டுட்டு அமைதியா இருங்க. இந்த அமைதிதான் நமக்கு ரொம்பக் கஷ்டம்.

"சித்தப்பாதான். வெள்ளை ஈ வேற வந்துருச்சு"னு சொன்னா, வெள்ளை ஈயைப் பத்தியே பேசுங்க. அப்பா பேச்சை நீங்களா இழுக்க வேண்டாம். "அப்பா இருந்தா இந்நேரம் தண்ணி விட்டிருப்பாரு"னு சொன்னா, கதவு திறந்திருக்குனு அர்த்தம். "எத்தனை மணிக்கு எந்திரிப்பாரு?" மாதிரி சின்னக் கேள்வி போதும். 'எங்க தாத்தா போனப்பகூட...'னு உங்க கதையை மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க.

பேசும்போது கண்ணீர் வந்தா பதறி, பேச்சை மாத்துறதுதான் பலர் செய்யற தப்பு. அழுதுக்கிட்டே தொடர்ந்து பேசினா, அவர் பேச விரும்புறார். பதில் 'ம்ம்', 'ஆமா'னு சுருங்கி, கை போனைத் தேடினா, போதும்னு அர்த்தம். அப்போ டீக்குக் காசு குடுத்துட்டு வேற பேச்சுக்குப் போயிடலாம். நீங்க கிரிக்கெட் பேசும்போதே அவர் ரெண்டு தடவை 'அப்பா'னு சொல்லிட்டா, கிரிக்கெட்டை விட்டுடுங்க.

மாசக்கணக்கா தூக்கம், சாப்பாடு, வேலைனு எதுவுமே ஓடாம இருந்தா, அது டீக்கடைப் பேச்சுல தீர்ற விஷயம் இல்லை. அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு, இலவசமா, எந்த நேரமும் பேசலாம். நம்பரைக் குடுத்துட்டு வர்றதைவிட, பக்கத்துல உட்கார்ந்து நீங்களே டயல் பண்ணிக் குடுங்க.