ஏற்றத்தாழ்வு கூடியதா, குறைந்ததா?

கல்லூரியில் புள்ளியியலோ பொருளியலோ படிக்கும் மாணவர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் பயிற்சி ஒன்று உண்டு. சில குடும்பங்களின் வருமானப் பட்டியலைக் கொடுத்து, குவின்டைல் விகிதத்தையும் ஜினி குறியீட்டையும் கண்டுபிடித்து ஒப்பிடச் சொல்வார்கள். பல விடைத்தாள்கள் இரண்டு எண்களை எழுதிவிட்டு, இரண்டுமே ஏற்றத்தாழ்வைக் காட்டுகின்றன என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். ஒப்பிடு என்று கேட்டதற்கு அது விடையாகாது. இரண்டும் ஒன்றோடொன்று முரண்படும் ஒரு பட்டியலை எடுத்துக் கணக்குப் போட்டால்தான் எது எதை அளக்கிறது என்பது பிடிபடும். அப்படி ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களின் மாத வருமானம், ஆயிரம் ரூபாய்க் கணக்கில், குறைந்ததிலிருந்து கூடியது வரை: 6, 8, 10, 12, 14, 16, 20, 24, 35, 55. மொத்தம் 200, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்.

குவின்டைல் விகிதம் எளிது. குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தி ஐந்து சமக் கூறுகளாகப் பிரிக்க வேண்டும். இங்கே ஒரு கூறுக்கு இரண்டு குடும்பங்கள். உச்சியில் உள்ள கூறின் வருமானம் 35 + 55 = 90. அடியில் உள்ள கூறின் வருமானம் 6 + 8 = 14. தொண்ணூறைப் பதினான்கால் வகுத்தால் 6.43. மேலே இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினர், கீழே இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினரைப் போல ஏறக்குறைய ஆறரை மடங்கு ஈட்டுகிறார்கள். யாருக்குச் சொன்னாலும் புரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் ஒவ்வோர் உறுப்பு நாட்டுக்கும் இந்த விகிதத்தை வெளியிடுகிறது.

ஜினிக்குக் கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும். 1905-இல் மேக்ஸ் லோரன்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு வரைபடத்தை அறிமுகப்படுத்தினார். மக்களை ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசைப்படுத்தி, முதல் 20 சதவீதத்தினரிடம் மொத்த வருமானத்தில் எவ்வளவு, முதல் 40 சதவீதத்தினரிடம் எவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போய்ப் புள்ளி வைப்பதுதான் அது. எல்லாருக்கும் ஒரே வருமானம் என்றால் புள்ளிகள் நேராக ஒரு மூலைவிட்டத்தில் அமரும். இல்லையென்றால் கோடு கீழே தொய்யும். இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ ஜினி 1912-இல் தம் அளவையை வெளியிட்டார். லோரன்ஸின் படத்தில் வைத்துப் பார்த்தால், மூலைவிட்டத்துக்கும் தொய்ந்த வளைவுக்கும் நடுவே உள்ள பரப்பு, மூலைவிட்டத்துக்குக் கீழுள்ள முழு முக்கோணத்தில் எத்தனை பங்கு என்பதே ஜினி. எல்லாரும் சமம் என்றால் 0. ஏற்றத்தாழ்வு கூடக் கூட எண் 1-ஐ நெருங்கும். சில அறிக்கைகள் இதையே நூறால் பெருக்கி அச்சிடும்.

கையால் போடுவதற்கு இந்தச் சூத்திரம் போதும்:

```
G = 2·Σ(i·x_i) / (n·Σx_i) − (n+1)/n
```

ஒவ்வொரு வருமானத்தையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டுகிறோம்: 1×6, 2×8, 3×10 என்று பத்தாவது குடும்பம் வரை. கூட்டுத்தொகை 1463. அதை இரண்டால் பெருக்கி, 10×200-ஆல் வகுத்து, 1.1-ஐக் கழித்தால் 0.363.

அடுத்த ஆண்டு அதே தெருவில் சில மாற்றங்கள். எட்டாவது குடும்பத்தின் வருமானம் 24-இலிருந்து 20-ஆகக் குறைகிறது. மூன்றாவது குடும்பத்துக்கு நிலையான வேலை கிடைத்து 10 என்பது 14 ஆகிறது. மிக ஏழையான இரண்டு குடும்பங்களும் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் இழக்கின்றன. மிக வசதியான இரண்டும் ஆளுக்கு ஆயிரம் கூடுதலாகப் பெறுகின்றன. புதிய வரிசை: 5, 7, 12, 14, 14, 16, 20, 20, 36, 56. மொத்தம் அதே 200.

குவின்டைல் விகிதம் இப்போது 92-ஐ 12-ஆல் வகுத்தால் 7.67. ஏற்றத்தாழ்வு நன்றாகவே கூடிவிட்டது. ஜினிக்குரிய கூட்டுத்தொகை 1461, குறியீடு 0.361. ஏற்றத்தாழ்வு ஒரு துளி குறைந்திருக்கிறது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஓர் அளவை கூடியது என்கிறது, மற்றது குறைந்தது என்கிறது.

காரணம், இரண்டும் பார்க்கும் இடம் வேறு. குவின்டைல் விகிதம் நடுவில் உள்ள 60 சதவீதத்தினரைப் பார்ப்பதே இல்லை. எட்டாவது வீட்டுப் பணம் மூன்றாவது வீட்டுக்குப் போனதை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால், ஜினி 0.363-இலிருந்து 0.345-ஆக இறங்குகிறது; குவின்டைல் விகிதமோ 6.43-லேயே நிற்கிறது. வசதியானவரிடமிருந்து ஏழைக்கு, வரிசையில் அவர்கள் இடம் மாறிக்கொள்ளாத அளவுக்குப் பணம் நகர்ந்தால், ஏற்றத்தாழ்வின் அளவை இறங்க வேண்டும் என்ற நிபந்தனையை பிரிட்டிஷ் பொருளியலாளர் ஹ்யூ டால்டன் 1920-இல் வகுத்தார். ஜினி அந்த நிபந்தனைக்கு எப்போதும் கட்டுப்படும். குவின்டைல் விகிதம், பணம் நடுப்பகுதிக்குள்ளேயே கைமாறும்போது, அசையாமல் நின்றுவிடும்.

இதை வைத்து ஜினியே உயர்ந்தது என்று தீர்ப்பு எழுதும் மாணவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சூத்திரத்தை மறுபடி பாருங்கள். ஜினியில் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் எடை, அதை வைத்திருப்பவரின் வரிசை எண்தான். அவர் எவ்வளவு ஏழை என்பதல்ல. உண்மையான வருமானப் பரவலில் நடுப்பகுதியில்தான் மக்கள் நெருக்கமாக இருக்கிறார்கள். அங்கே சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்குள் ஏராளமானோர் அடங்கிவிடுவதால், ஒரு சின்ன நகர்வும் பல வரிசை எண்களைத் தாண்டும். ஆகவே நடுவில் நடப்பதை ஜினி உரக்கச் சொல்லும். ஆறாயிரத்தில் ஓடும் குடும்பம் ஐயாயிரத்துக்கு இறங்குவது அந்த வீட்டில் வருமானத்தின் ஆறில் ஒரு பங்கு போவதாகும். அந்த இழப்பை நடுப்பகுதியின் முன்னேற்றம் ஜினியில் மூடி மறைத்துவிட்டது. குவின்டைல் விகிதத்தில் அது மறையவில்லை.

லோரன்ஸ் வளைவின் புள்ளிகளை அடுத்தடுத்து எழுதினால் முரண்பாடு எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் காணலாம். முதல் ஆண்டில் 20, 40, 60, 80 சதவீதப் புள்ளிகளில் வருமானப் பங்கு 7, 18, 33, 55. இரண்டாம் ஆண்டில் 6, 19, 34, 54. தொடக்கத்தில் புதிய வளைவு கீழே, நடுவில் மேலே, கடைசியில் மறுபடி கீழே. இரண்டு வளைவுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. ஆண்டனி அட்கின்சன் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுவே: ஒரு வளைவு முழுவதும் மற்றதற்கு மேலே இருந்தால், டால்டனின் நிபந்தனையை மதிக்கும் அளவைகள் எல்லாம் ஒரே தீர்ப்பைத் தரும், வளைவுகள் வெட்டிக்கொண்டால், எந்த இடத்து மாற்றத்துக்கு அதிக எடை தருகிறோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும். எனவே எந்த எண் சரி என்று கேட்பதற்கு முன்னால், வளைவுகள் வெட்டுகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

இந்தப் பயிற்சியில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று. மேலே உள்ள ஐந்து கூறுகளின் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு ஜினி போடுவது முதலாவது. புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துப் பரப்பு கண்டால் முதல் ஆண்டுக்கு 0.348 வரும், இரண்டாம் ஆண்டுக்கும் அதே 0.348. ஒவ்வொரு கூறுக்குள்ளும் இருக்கும் ஏற்றத்தாழ்வு கணக்கில் சேராததால் எண் உண்மையைவிடக் குறைகிறது; இங்கே மாற்றமே இல்லை என்றும் சொல்லிவிடுகிறது. தொகுத்த அட்டவணையிலிருந்து வந்த ஜினியைத் தனித்தனி வருமானங்களிலிருந்து வந்த ஜினியோடு ஒப்பிடக் கூடாது.

இரண்டாவது, மென்பொருள். ஒரே தரவை வைத்துக்கொண்டு இரண்டு நண்பர்கள் இரண்டு விடை கொண்டுவருவார்கள்:

```r
x <- c(6,8,10,12,14,16,20,24,35,55)
ineq::Gini(x)        # 0.363
DescTools::Gini(x)   # 0.403
```

இரண்டாவது தொகுப்பு, வேறு எதுவும் சொல்லாவிட்டால், சிறிய மாதிரிக்கான திருத்தமாக விடையை n/(n−1)-ஆல் பெருக்கித் தருகிறது. இங்கே அது 10/9. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பத்துக் குடும்பங்களில் அது நாம் தேடும் மாற்றத்தைவிடப் பல மடங்கு பெரிது.

மூன்றாவது, விகிதத்தையே மாற்றிப் போடுவது. கூறுகளின் வருமானத்தை வகுப்பதற்குப் பதிலாக, 80-ஆவது சதவீத எல்லையில் உள்ள வருமானத்தை 20-ஆவது சதவீத எல்லையில் உள்ள வருமானத்தால் வகுத்துவிடுவார்கள். எட்டாவது, ஒன்பதாவது குடும்பங்களின் சராசரியை மேல் எல்லையாகவும், இரண்டாவது, மூன்றாவது குடும்பங்களின் சராசரியைக் கீழ் எல்லையாகவும் எடுத்தால், முதல் ஆண்டில் 3.28, இரண்டாம் ஆண்டில் 2.95. இதுவும் புழக்கத்தில் உள்ள ஓர் அளவைதான். ஆனால் பங்குகளின் விகிதம் கூடும் இடத்தில் இது குறைகிறது. எதைக் கணக்கிட்டோம் என்று எழுதாவிட்டால் படிப்பவர் ஏமாந்துபோவார்.

வகுப்பறைக்கு வெளியேயும் இதே வகைக் குழப்பம் நடந்தது. 2025-இல் உலக வங்கியின் குறிப்பு ஒன்று, இந்தியாவின் நுகர்வுச் செலவு ஜினி 2011-12-இல் 28.8 ஆக இருந்து 2022-23-இல் 25.5 ஆகக் குறைந்ததாகச் சொன்னது. அந்த எண்ணை வைத்து, உலகில் ஏற்றத்தாழ்வு மிகக் குறைந்த நாடுகளில் இந்தியா நான்காவது என்று மத்திய அரசின் செய்திக் குறிப்பு ஜூலையில் வெளியானது. ஒப்பிடப்பட்ட நாடுகள் பலவற்றின் ஜினி வருமானத்தின் மேல் கணக்கிடப்பட்டது. இந்தியாவுடையது செலவின் மேல். ஏழைக் குடும்பம் வரும் பணம் முழுவதையும் செலவழிக்கும், போதாததற்குக் கடனும் வாங்கும். வசதியான குடும்பம் பெரும் பகுதியைச் சேமிக்கும். அதனால் ஒரே நாட்டிலும் செலவின் ஜினி வருமானத்தின் ஜினியைவிடப் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். உலக வங்கியின் அதே குறிப்பிலேயே, உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின்படி இந்தியாவின் வருமான ஜினி 2004-இல் 52, 2023-இல் 62 என்றும் இருந்தது. செலவின் ஜினி இறங்க, வருமானத்தின் ஜினி ஏறியிருக்கிறது. இதில் ஜினி மட்டும் குற்றவாளி இல்லை. குவின்டைல் விகிதத்தைச் செலவின் மேல் போட்டாலும் இதே சிக்கல் வரும்.

ஆகவே இந்தப் பயிற்சியை எழுதப்போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜினியையும் குவின்டைல் விகிதத்தையும் எழுதும்போது, தரவு வருமானமா செலவா, தனித் தரவா தொகுத்த அட்டவணையா, சிறு மாதிரித் திருத்தம் செய்ததா இல்லையா என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். லோரன்ஸ் புள்ளிகள் நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு அளவைகளும் முரண்பட்டால் ஒன்றை அடித்துவிடாதீர்கள். யார் இழந்தார்கள், யார் பெற்றார்கள் என்று பட்டியலுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்து, அதை விடையாக எழுதுங்கள்.