40-15: ஒரு பாயின்ட்டின் எடை

2019 ஜூலை 14. விம்பிள்டன் ஆடவர் இறுதிப்போட்டி, ஐந்தாவது செட். ரோஜர் ஃபெடரர் 8-7 என்று முன்னிலையில் இருக்கிறார், சர்வும் அவருடையதுதான். ஸ்கோர் 40-15. எதிரே நோவக் ஜோகோவிச். அடுத்த இரண்டு பாயின்ட்டில் ஒன்றை எடுத்தால் கோப்பை ஃபெடரருக்கு. முதலாவதில் அவருடைய ஃபோர்ஹேண்ட் கோட்டுக்கு வெளியே போனது. இரண்டாவதில் வலையை நோக்கி ஏறி வந்தவரை, ஜோகோவிச் குறுக்காக அடித்த ஃபோர்ஹேண்ட் தாண்டிப் போனது. அந்த கேமும் போயிற்று. கடைசியில் 12-12ல் வந்த டை-பிரேக்கரில் ஆட்டமே போயிற்று. ஃபெடரர் ரசிகர்களுக்கு 40-15 என்ற ஸ்கோர் இன்றைக்கும் ஆறாத புண்.

இப்போதெல்லாம் ஒளிபரப்பில் திரையின் ஓரமாக ஒரு சதவீதம் வருகிறது: இவர் ஜெயிக்க 73, அவர் ஜெயிக்க 27 என்று. ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் அது மாறும். எங்கோ பெரிய கணினிகள் வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். நிறுவனங்கள் தங்கள் முறையில் என்னென்னவோ சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த எண்ணின் எலும்புக்கூட்டை ஒரு தாளிலேயே போட்டுவிடலாம். அந்த 40-15ஐயே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஓர் எளிய அனுமானம். புல்தரையில் முன்னணி ஆண்கள் ஆடும்போது, சர்வ் போடுபவர் மூன்று பாயின்ட்டுக்கு இரண்டு எடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். ஃபெடரருக்கும் இது பொருந்தும், ஜோகோவிச்சுக்கும் இதேதான். சர்வ் பாயின்ட் ஒவ்வொன்றிலும் வாய்ப்பு 2/3. முந்தின பாயின்ட் என்ன ஆயிற்று என்பதோ, பதற்றமோ இதை மாற்றாது. கேட்டதுமே டென்னிஸ் ஆடியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்குப் பின்னால் வருவோம்.

இந்த அனுமானத்தால் என்ன லாபம்? ஆட்டத்தின் கடந்த காலம் முழுவதையும் தூக்கிப் போட்டுவிடலாம். பரமபதத்தில் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. பாம்பு கடித்து வந்ததா, ஏணி ஏறி வந்ததா என்பது அடுத்த உருட்டலுக்குத் தேவையில்லை. இங்கே கட்டம் என்பது ஸ்கோர்: யார் சர்வ், எத்தனை செட், எத்தனை கேம், எத்தனை பாயின்ட். அடுத்து எங்கே போகலாம் என்பதை இப்போது நிற்கும் இடம் மட்டுமே தீர்மானிக்கும் இப்படிப்பட்ட தொடருக்கு மார்க்கோவ் சங்கிலி என்று பெயர். ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்த்ரேய் மார்க்கோவ் இதைச் சோதித்துப் பார்த்தது விளையாட்டில் அல்ல. 1913ல் அவர் புஷ்கினின் ‘யெவ்கேனி ஓனேகின்’ கவிதையில் 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் மாறி மாறி வரும் விதத்தைக் கையால் எண்ணினார்.

கணக்கை முடிவிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். முதல் சிக்கல் டியூஸ். அது முடியாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீளலாம் அல்லவா? ஆனால் அடுத்த இரண்டு பாயின்ட்டை ஒரு ஜோடியாகப் பாருங்கள். சர்வ் போடுபவர் இரண்டையும் எடுக்க வாய்ப்பு 4/9. இரண்டையும் இழக்க 1/9. ஆளுக்கு ஒன்று என்றால் மறுபடி டியூஸ்; புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம், அதைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாம். மிஞ்சுவது நான்குக்கு ஒன்று என்ற விகிதம். ஆக, டியூஸில் நிற்கும் சர்வர் அந்த கேமை எடுக்க வாய்ப்பு 4/5. முடிவில்லாததாகத் தெரிந்தது இரண்டே வரியில் அடங்கிவிட்டது.

இனி 40-15. அங்கிருந்து ஃபெடரர் கேமை இழக்க ஒரே வழிதான் உண்டு: அடுத்தடுத்து இரண்டு பாயின்ட் இழந்து டியூஸுக்கு வர வேண்டும் (1/9), பிறகு டியூஸையும் இழக்க வேண்டும் (1/5). இரண்டையும் பெருக்கினால் 1/45. சரி, கேமை இழந்தாலும் ஆட்டம் முடிந்துவிடாது. ஸ்கோர் 8-8 ஆகும். இருவரும் சமபலம் என்று வைத்திருப்பதால் அங்கிருந்து பாதிக்குப் பாதி. எனவே ஆட்டத்தையே இழக்கும் வாய்ப்பு 1/90. திரையில் ஃபெடரருக்கு 98.9 சதவீதம் என்று வந்திருக்கும்.

அடுத்த நான்கு பாயின்ட்டையும் ஜோகோவிச் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் இதே கணக்கைப் போட்டால் ஃபெடரரின் எண் இப்படி இறங்குகிறது: 40-30ல் 96.7. டியூஸில் 90. அட்வான்டேஜ் ஜோகோவிச்சுக்குப் போனதும் 76.7. கேம் பறிபோனதும் 50.

முதல் சாம்பியன்ஷிப் பாயின்ட்டைத் தவறவிட்டதில் ஃபெடரர் இழந்தது இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்! நேரில் பார்த்தவர்களின் நெஞ்சு அடைத்தது அப்போதுதான். கணக்கோ அசையவே இல்லை. பெரிய சரிவு நான்காவது பாயின்ட்டில் நிகழ்ந்தது. அது வெறும் ஒரு பிரேக் பாயின்ட். அதற்கென்று தனிப் பெயரோ, யாருடைய நினைவிலும் தனி இடமோ கிடையாது.

ஒரு பாயின்ட்டின் எடையை அளக்க அமெரிக்கப் புள்ளியியலாளர் கார்ல் மோரிஸ் 1977லேயே வழி சொல்லிவிட்டார். அந்தப் பாயின்ட்டை எடுத்தால் வரும் வாய்ப்பிலிருந்து, இழந்தால் வரும் வாய்ப்பைக் கழியுங்கள், மிச்சம்தான் எடை. ஃபெடரரின் முதல் சாம்பியன்ஷிப் பாயின்ட்: எடுத்தால் 100, இழந்தால் 96.7. எடை 3.3. இரண்டாவது: 100க்கும் 90க்கும் இடையே, எடை 10. டியூஸில் ஆடிய பாயின்ட்டுக்கு 20. பிரேக் பாயின்ட்டில் தப்பித்திருந்தால் மறுபடி டியூஸ், அதாவது 90, இழந்ததால் 50. எடை 40. முதல் சாம்பியன்ஷிப் பாயின்ட்டைவிடப் பன்னிரண்டு மடங்கு கனம். ஒரு கேமுக்குள் மட்டும் பார்த்தாலும் மோரிஸ் கண்டது இதைத்தான்: சர்வருக்குக் கை ஓங்கியிருக்கும் டென்னிஸில் மிகக் கனமான ஸ்கோர் 30-40.

அந்த ஆட்டத்தின் இன்னொரு புதிரையும் இது விளக்குகிறது. மொத்தப் பாயின்ட்டில் ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. பதினான்கு பாயின்ட் கூடுதலாக எடுத்தவர் தோற்றார். நான்காவது செட்டை 6-4 என்றும், இரண்டாவதை 6-1 என்றும் ஃபெடரர் வென்றார். ஆனால் டை-பிரேக்கர் மூன்றும் ஜோகோவிச்சுக்கே. 6-1 செட்டில் குவித்த பாயின்ட்டுகளில் பல, எடை குறைந்தவை. டை-பிரேக்கரில் ஒவ்வொன்றும் கனமானது. எடை போடாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் இந்த ஆட்டம் புரியாது.

இனி அந்த 2/3க்கு வருவோம். நாம் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டோம். நிஜத்தில் ஆளுக்கு ஆள், எதிராளிக்கு எதிராளி மாறும். டிரிஸ்டன் பார்னெட், ஸ்டீபன் கிளார்க் என்ற இருவர் 2005ல் சொன்ன வழி எளிமையானது. ஒரு போட்டித்தொடரில் சர்வர்கள் சராசரியாக 65 சதவீதப் பாயின்ட் எடுக்கிறார்கள் என்று வைப்போம். நம் ஆள் சராசரியைவிட ஐந்து கூடுதலாக எடுப்பவர். எதிரே நிற்பவர் சர்வைத் திருப்புவதில் சராசரியைவிட மூன்று கூடுதல் கெட்டிக்காரர். அப்படியானால் 65ஐயும் 5ஐயும் கூட்டி 3ஐக் கழிக்க வேண்டும்: 67.

இந்த எண்ணில்தான் ஆட்டத் தொடக்கத்துக் கணிப்பு முழுக்கத் தொங்குகிறது. ஒருவர் 68, மற்றவர் 66 என்று இருந்தாலே ஐந்து செட் ஆட்டத்தில் முதல்வரின் வெற்றி வாய்ப்பு சுமார் 60க்குப் போய்விடும். பாயின்ட் அளவில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசத்தை கேம், செட், ஆட்டம் என்று ஒவ்வொரு படியும் பெருக்கிக் காட்டும். பாயின்ட்டில் 60 சதவீதம் எடுக்கும் சர்வர் தன் கேமில் 74 சதவீதம் எடுப்பார். 70 சதவீதம் எடுப்பவருக்கு கேமில் 90.

ஆட்டம் நடக்கும்போதே இதைத் திருத்தவும் வேண்டும். இங்கேதான் கற்றுக்குட்டி நிரல்கள் சறுக்கும். ஒருவர் முதல் 25 சர்வ் பாயின்ட்டில் 20 எடுத்துவிட்டார் என்பதற்காக அவருடைய எண்ணை 80 ஆக்கிவிட்டால், திரையில் கோடு வெறிபிடித்ததுபோல் குதிக்கும். பழைய ஆட்டங்களிலிருந்து வந்த 66ஐ 200 பாயின்ட் பார்த்துத் தெரிந்துகொண்டதற்குச் சமமாக வைத்து, புதிய 25ஐ அதோடு சேர்ப்பது நிதானமான வழி. அப்போது எண் 67.6 ஆகும், அவ்வளவுதான். ஆனால் வயிற்றுத் தசை கிழிந்து சர்வ் வேகம் குறைந்த வீரரின் விஷயத்தில் இதே நிதானம் தாமதமாகிவிடும். பார்க்கும் நமக்கு உடனே புரிவது, இந்தக் கணக்குக்குப் பல கேம் கழித்தே புரியும்.

முகம் சுளித்தவர்களின் கேள்வி பாக்கி இருக்கிறது. பதற்றமே இல்லையா? நெதர்லாந்துப் பொருளியலாளர்கள் ஃபிராங்க் கிளாசனும் யான் மக்னுஸும் 1992 முதல் 1995 வரை விம்பிள்டனில் ஆடப்பட்ட ஏறக்குறைய 90,000 பாயின்ட்டுகளை வைத்து இதை ஆராய்ந்து, 2001ல் வெளியிட்டார்கள். முந்தின பாயின்ட்டை எடுத்தவருக்கு அடுத்ததில் கொஞ்சம் சாதகம் உண்டு. கனமான பாயின்ட்டில் சர்வருக்குக் கொஞ்சம் பாதகம். நம் அனுமானம் கறாராகப் பார்த்தால் தவறுதான். ஆனால் விலகல் சிறியது, முன்னணி வீரர்களிடம் இன்னும் சிறியது. வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். அந்த 40-15ல் ஃபெடரரின் கை நடுங்கி, அந்த கேம் முழுக்க 2/3 என்பது 60 சதவீதமாகக் குறைந்தது என்றே வைத்தாலும் வெற்றி வாய்ப்பு 97.5. தொடக்கத்தில் அத்தனை ஆட்டம் காட்டிய அதே எண், முடிவுக்கு அருகில் ஸ்கோரின் முன்னால் அடங்கிவிடுகிறது.

2022 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் ரஃபேல் நடால் இரண்டு செட் பின்தங்கி, மூன்றாவதிலும் தடுமாறிக்கொண்டிருந்தபோது திரை அவருக்குக் கொடுத்தது 4 சதவீதம். டேனியல் மெத்வெதேவை அவர் ஐந்து செட்டில் வென்றதும் அந்த எண்ணைக் கேலி செய்யாதவர் இல்லை. நான்கு என்பது பூஜ்யம் அல்ல என்பது ஒருபுறம் இருக்க, எண் சரியா தவறா என்று பார்க்க வழி வேறு. பழைய ஆட்டங்களின் பதிவை எடுத்து, கணக்கு 4 சதவீதத்தை ஒட்டிச் சொன்ன தருணங்களை எல்லாம் தனியே பிரிக்க வேண்டும். அவற்றில் நூற்றுக்கு நான்கு வாக்கில் வெற்றியில் முடிந்திருந்தால் கணக்கு சரி. பத்து முடிந்திருந்தால், பின்தங்கியவரை அது தேவைக்கு மேல் கைவிடுகிறது என்று பொருள். ஒரே ஆட்டத்தில் தொடர்ந்து இருபது பாயின்ட்டுக்கு 4 என்று வந்தாலும் முடிவு ஒன்றுதான் என்பதால், ஓர் ஆட்டத்திலிருந்து ஒரு தருணத்தை மட்டும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மெல்போர்ன் ஆட்டம் ஒன்றே இருபது தடவை எண்ணப்பட்டு, நல்ல கணக்கையும் மோசமாகக் காட்டிவிடும்.