காரின் கதவும் ஒரு ஸ்பீக்கர்தான்

தஞ்சோங் பகாரிலிருந்து கெப்பல் சாலைப் பக்கம் காரில் போகும்போது, பக்கத்தில் ஒரு கொள்கலன் லாரி வந்தால் வானொலியின் சத்தத்தைக் கூட்டுவோம். பாடகரின் குரல் கூடும். தவிலின் கனம் மட்டும் கூடாது. அதற்குப் பதிலாகக் கதவு கடகடக்கும். உடனே நம் மனம் புதிய ஸ்பீக்கரைத் தேடுகிறது. ஆனால், குறை பெரும்பாலும் ஸ்பீக்கர் பொருத்தப்பட்ட கதவில்தான் இருக்கும்.

கதவில் என்ன நடக்கிறது?

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் நகரும்போது முன்புறக் காற்று அழுந்துகிறது. அதே நொடியில் பின்புறக் காற்று தளர்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். வீட்டு ஸ்பீக்கரில் மரப்பெட்டி இந்தச் சந்திப்பைத் தடுக்கிறது. காரில் அந்தப் பெட்டி, கதவுதான். அதன் உள்தகட்டில் கம்பிகளுக்கும் கண்ணாடி ஏற்றும் கருவிக்குமாகப் பெரிய ஓட்டைகள் இருக்கும். பல கார்களில் அவற்றை மூடியிருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டுமே.

60 ஹெர்ட்ஸ் தாழ்வொலியின் அலைநீளம் ஏறத்தாழ 5.7 மீட்டர். அதற்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் உள்ள ஓட்டை ஒரு தடையே இல்லை. தவிலின் கனம் காணாமல் போவது இதனால்தான்.

தகடு ஒட்டும் முறை

இதற்குத் தீர்வு, ஒருபுறம் அலுமினியத் தாள் பொருத்திய பியூட்டைல் ரப்பர் தகடு. வெளித்தகட்டை முழுவதும் மூட வேண்டியதில்லை. நடுப்பகுதியில் கால்வாசி முதல் பாதிவரை ஒட்டினாலே அதிர்வு அடங்கிவிடும். ஒட்டும் முன்னும் பின்னும் விரலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்ற ஓசை ‘டொக்’ என்று மாறினால் போதும். அதன்பின் உள்தகட்டின் ஓட்டைகளை மூட வேண்டும்.

விலை குறைந்த தார்த் தகடுகளைத் தவிர்ப்பது நல்லது. வெயிலில் நிறுத்திய காரில் அவை இளகி நாற்றமடிக்கும். அதைவிட முக்கியம், கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மூடக்கூடாது. கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேறுகிறது. மூடிவிட்டால் நீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும். சில கார்களின் கதவுக்குள் பக்கவாட்டு மோதலை உணரும் காற்றழுத்த உணர்கருவியும் உண்டு. அத்தகைய காரில் ஓட்டைகளை மூடுமுன் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்ப்பது அவசியம்.

இரண்டு ஸ்பீக்கர், ஒரு காவலாளி

கதவின் பெரிய ஸ்பீக்கர், உயர்வொலியை நேராக நம் முழங்காலை நோக்கித்தான் அனுப்பும். அதனால்தான் ‘காம்பொனண்ட்’ வகையில் டுவீட்டர் தனியாக வருகிறது. அதைக் காது மட்டத்துக்கு அருகே, முன்கண்ணாடித் தூணில் பொருத்தலாம். எந்த ஒலி எதற்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் காவலாளிதான் ‘பேசிவ் கிராஸ்ஓவர்’.

இயற்பியல் பாடத்தில் படித்த மின்தேக்கி இங்கே வேலை செய்கிறது. அது தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுத்து உயர்ந்தவற்றை விடும். பிரியும் புள்ளியைக் கணக்கிடும் வாய்பாடு இது:

f = 1 ÷ (2π × R × C)

டுவீட்டர் 4 ஓம், மின்தேக்கி 10 மைக்ரோஃபேரட் என்றால் விடை ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸ். அதே மின்தேக்கியுடன் 8 ஓம் டுவீட்டரை இணைத்தால் புள்ளி 2,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். தாங்க முடியாத தாழ்வொலி டுவீட்டருக்குள் புகுந்து, முதலில் கரகரப்பு வரும். சத்தத்தைக் கூட்டினால் சுருளே கருகலாம். எனவே ஒரு தொகுப்பின் கிராஸ்ஓவரை வேறு தொகுப்பின் ஸ்பீக்கருடன் கலக்காதீர்கள்.

பெருக்கி வாங்கலாமா?

முதலில் தேவையில்லை. காருடன் வரும் ஒலிக்கருவி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 15 முதல் 20 வாட் வரைதான். அதற்குப் பெட்டியில் அச்சிட்ட ‘300 வாட்’ உதவாது. பார்க்க வேண்டியது உணர்திறன். ஒரே மின்திறனில் 91 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 88 டெசிபல் ஸ்பீக்கர் தருவதற்கு இரு மடங்கு வாட் தேவை. ஓம் அளவும் பழைய ஸ்பீக்கருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பொருத்தியபின் தாழ்வொலி முன்பைவிடக் குறைந்தால், ஒரு பக்கக் கம்பிகள் இடம் மாறியிருக்கலாம். பெரிய ஸ்பீக்கரின் கம்பிகளைக் கழற்றி, 1.5 வோல்ட் மின்கலத்தை நொடிப்பொழுது தொட்டுப் பாருங்கள். கூட்டல் முனை சரியாக இருந்தால் கூம்பு வெளியே நகரும்.

பழைய ஸ்பீக்கர்களைத் தூக்கி எறிய வேண்டாம். வாகன உரிமைச் சான்றிதழின் 10 ஆண்டு முடிந்து காரைக் கொடுக்கும்போது அவற்றைத் திரும்பப் பொருத்திவிட்டு, புதிய தொகுப்பை அடுத்த காருக்கு எடுத்துச் செல்லலாம். ஒட்டிய தகடு மட்டும் பழைய கதவோடு போய்விடும்.