போன வருடம் எவ்வளவு? பத்து சதவீதம் கூட்டு!

பட்ஜெட் காலம் வந்ததும் பல ஆலைகளின் பராமரிப்புத் துறையில் நடப்பது ஒன்றுதான். போன வருடச் செலவை எடுத்து, விலைவாசிக்காகப் பத்து சதவீதம் கூட்டி அனுப்பிவிடுவார்கள். அரை மணி நேர வேலை. ஆனால் போன வருடம் அந்தப் பணம் எதற்குப் போனது என்று யாரும் கேட்பதில்லை.

மூன்று ஸ்க்ரூ கம்ப்ரசர்கள் ஓடும் ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். அவற்றுக்குப் போன வருடம் ஆன செலவு 26 லட்சம் ரூபாய். பத்து சதவீதம் கூட்டினால் 28.6 லட்சம். ஆனால் அந்த 26 லட்சத்தில் 12 லட்சம், ஒரு கம்ப்ரசரைப் பிரித்து ஓவர்ஹால் செய்ததற்கானது. அதே மெஷினுக்கு அந்த வேலை மறுபடி வர சில வருடங்கள் ஆகும். பணம் மட்டும் பட்ஜெட்டிலேயே குடியேறிவிட்டது. மார்ச் மாதத்தில் அதைச் செலவழித்துத் தீர்க்க, தேவையில்லாத உதிரிபாகங்கள் ஸ்டோருக்கு வந்து சேரும்.

ஜீரோ பேஸ்டு பட்ஜெட் இதைத் தலைகீழாகத் தொடங்குகிறது. பழைய தொகையை ஒதுக்கிவிட்டு, மெஷின்கள் எவ்வளவு ஓடும் என்று முதலில் கேட்கிறது. ஒவ்வொன்றும் வருடத்துக்கு 8,000 மணி நேரம் ஓடுகிறது. 4,000 மணிக்கு ஒருமுறை ஆயில், 2,000 மணிக்கு ஒருமுறை ஏர் ஃபில்டர் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மெஷினுக்கு ஆயில் இரண்டு முறை, ஃபில்டர் நான்கு முறை. இப்படி எண்ணி, மற்ற சில்லறைச் செலவுகளையும் சேர்த்தால் மூன்றுக்கும் 6 லட்சம். பிரேக்டவுனை யாரும் முன்கூட்டி எண்ண முடியாது; கடந்த மூன்று வருட வொர்க் ஆர்டர்களின் சராசரியைப் பார்த்து 4 லட்சம். காற்றுக் கசிவை அடைக்க ஒன்றரை லட்சம். மொத்தம் 11.5 லட்சம்!

எப்போதும் குறையும் என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த வருடம் இரண்டாவது மெஷினுக்கு ஓவர்ஹால் வந்தால் தேவை 23.5 லட்சமாக ஏறும். 11.5 லட்சத்தின் மேல் பத்து சதவீதம் போட்டவர் அப்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

இந்த முறையை அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் பயன்படுத்தியவர் பீட்டர் பைர். 1970இல் அவர் எழுதிய கட்டுரையைப் படித்த ஜிம்மி கார்ட்டர், ஜார்ஜியா மாநில நிர்வாகத்திலும், ஜனாதிபதியான பின் மத்திய அரசிலும் அதைக் கொண்டுவந்தார். பைரின் முறையில் ஒவ்வொரு வேலைக்கும் தனித் தாள் உண்டு: குறைந்தபட்சம் எவ்வளவு, கூடுதலாகக் கொடுத்தால் என்ன கிடைக்கும், நிறுத்தினால் என்ன ஆகும். தாள்களை முக்கியத்துவப்படி அடுக்கி, பணம் தீரும் இடத்தில் கோடு போடுவார்கள். ஆயில் மாற்றும் தாள் கோட்டுக்குக் கீழே போனால், பேரிங் தேயும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். தெரிந்தே வெட்டிய நிர்வாகம் பிறகு மெக்கானிக்கைத் திட்ட முடியாது.

சிக்கல், வேலைப் பளு. வொர்க் ஆர்டர்களை ஒழுங்காக எழுதாத ஆலையில் இது வெறும் ஊகமாகிவிடும். தாள்கள் மலையாகக் குவிவதும் உண்டு. கார்ட்டருக்குப் பின் வந்த ரீகன் அரசு 1981இல் இந்த முறையைக் கைவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் தோண்டாமல், இந்த வருடம் கம்ப்ரசர், அடுத்த வருடம் பாய்லர் என்று சுற்றில் எடுத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்து வரும். மற்றவற்றுக்கு அதுவரை பழைய சதவீதக் கணக்கே ஓடும்.